படத்தில் ஜெல்லிமீன் இல்லை

கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் அவளுக்கென்று ஒரு பதவிப்பெயர் இருந்தது. கதவில் பித்தளையில் பொறித்து மாட்டியும் இருந்தார்கள். ஆனால் கடற்கரையோரம் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அவள் சொறி மேடம். கரையில் ஒதுங்கிய சொறிமீனையெல்லாம், அதாவது ஜெல்லிமீனையெல்லாம், படம் எடுத்து அனுப்பினால் இது இன்னது, இது கடிக்கும், இது கடிக்காது என்று பதில் சொல்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதல் வருஷம் கோபப்பட்டாள். அப்புறம் பழகிவிட்டது. இப்போது தொலைபேசியில் அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். பித்தளையைச் சொன்னால் எதிர்முனையில் "யாரு?" என்கிறார்கள்.

இயக்குநருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அகராதி. சொற்களை அவ்வளவு நுட்பமாகக் கையாளுகிறார் என்பதால் வந்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க ஊழியர்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று மத்தியானம் நகரசபைச் செயலரிடமிருந்து ஒரு படம் வந்தது. மறுநாள் காலை கடற்கரையில் வெறுங்கால் நடை விழா. நகரசபைத் தலைவர் அண்மையில் எங்கோ வெளிநாடு போய்வந்து, செருப்பில்லாமல் ஈர மணலில் நடந்தால் ரத்தம் ஓடும், சர்க்கரை இறங்கும், மூளை மலரும் என்று கண்டுபிடித்திருந்தார். தன் மூளையில் பரீட்சை செய்து பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் முன்னால் நடப்பார், பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் சொறி மேடத்தின் மகளும் ஒருத்தி. ஒரு வாரமாக வீட்டுக்குள்ளேயே வெறுங்காலோடு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

படத்துக்குக் கீழே செயலர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இந்தப் படத்தில் ஜெல்லிமீன் இருக்கிறதா?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். அலை விட்டுப்போன குப்பைக்கோடு. பாசி, குச்சி, ஒரு பிளாஸ்டிக் பாட்டில், யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு. நடுநடுவே நீலம் நீலமாக எதெதுவோ. அளவு தெரியாமல் எடுத்த படத்தைப் போலக் கழுத்தறுப்பு வேறில்லை. பொத்தானளவா, தட்டளவா என்றே தெரியாது. ஒரு காசைப் பக்கத்தில் போட்டு எடுங்கள் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொள்வாள், யாரும் போட மாட்டார்கள். நல்லவேளை, அந்தச் செருப்பு இருந்தது. அதை வைத்து அளந்தாள்.

செருப்புக்குப் பக்கத்தில் சின்ன நீள்வட்டத் தட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு முக்கோணம் நிமிர்ந்து நிற்கிறது. பாய் விரித்த குட்டி ஓடம். காற்றில் ஓடுகிற உயிர். மனிதத் தோலை அநேகமாக ஒன்றும் செய்யாது. தொட்ட கையால் கண்ணைக் கசக்காமல் இருந்தால் போதும். அதற்கு அப்பால் வட்டமாக, சுற்றிலும் நீலக் குஞ்சம் வைத்தவை. நீலப் பொத்தான். சிலருக்குக் கொஞ்சம் அரிக்கும். ஊதா நிறத்தில் மெல்லிய ஓட்டு நத்தைகள், பாவம், யாரையும் ஒன்றும் செய்யாதவை. பாட்டிலில் வாத்துக் கழுத்து போலத் தொங்குகிற சிப்பிக் கொத்து, அதுவும் சாது. கண்ணாடி மணிகளைக் கொட்டிவைத்த மாதிரி கிடந்தவை சால்ப்புகள். பார்க்கத்தான் சொறிமீன் குஞ்சு, கொட்டுவதற்கு முள்ளே கிடையாது.

அப்புறம் பாசியோரம் அவள் தேடியது கிடைத்தது. தேடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற ரகம். ஊதிய நீலப் பை, உச்சியில் இளஞ்சிவப்புச் சுருக்கம், தலையணை முனையை முறுக்கிவிட்டது போல. ப்ளூபாட்டில். இங்கொன்று, அங்கொன்று, செருப்புக்கு அடியில் பாதி நசுங்கி இன்னொன்று. பையைக் கண்டால் குழந்தை பலூன் என்று எடுக்கும். பைக்குக் கீழே கிடக்கும் நீல நூல்தான் ஆள். மணலில் புதைந்து கிடந்தாலும், அறுந்து தனியே கிடந்தாலும், பை செத்துக் காய ஆரம்பித்திருந்தாலும் அந்த நூல் கொட்டும். சவுக்கடி பட்ட மாதிரி தழும்பு எழும்பும்.

"ஒரே பஸ்ஸில வந்திருக்குதுங்க எல்லாம்," என்று முணுமுணுத்தாள். கடல் மேற்பரப்பில் மிதக்கிற இந்த நீலக் கூட்டத்தைக் காற்றுதான் ஏற்றி இறக்குகிறது. காற்று கரையைப் பார்த்து வீசினால் சாதுவும் போக்கிரியும் சேர்ந்தே இறங்கும். ஓரத்தில் நகத்தளவில் ஏதோ ஒரு நீலத் துணுக்கு தெரிந்தது. நைலான் கயிற்றுப் பிசிர் என்று விட்டுவிட்டாள்.

எல்லாவற்றையும் எழுதினாள். எது, எப்படி இருக்கும், கொட்டுமா கொட்டாதா. கடைசி வரி: "ப்ளூபாட்டில் கிடப்பதால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. விழாவைத் தள்ளி வைக்கவும்." கையெழுத்துக்காக அகராதியின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க மேடம். ஆனா கேள்வி என்ன?"

"ஜெல்லிமீன் இருக்கான்னு கேட்டிருக்காங்க சார்."

"இருக்கா?"

"சார், ப்ளூபாட்டில் இருக்கு."

"அது ஜெல்லிமீனா?"

"இல்ல சார். ஆனா கொட்டும்."

"கொட்டுதான்னா கேட்டாங்க?" என்று சிரித்தார் அகராதி. அந்தச் சிரிப்புக்கென்றே ஒரு தனி அலவன்ஸ் வாங்குகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு. "சரி, வச்சிட்டுப் போங்க. நான் பார்த்து அனுப்பிடறேன்."

அனுப்பிவிடுவார் என்று அவள் நம்பினாள். வீட்டுக்குப் போய் மகளிடம், "நாளைக்கு விழா இருக்காது கண்ணு, கரையில கொட்டுற பிராணி வந்திருக்கு," என்றாள். மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "உங்க ஆபீஸே இப்படித்தான்," என்றது அது. கணவர் பேப்பருக்குள்ளிருந்து சிரித்தார்.

மறுநாள் காலை அவள் சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டாள். ஒதுங்கின ஆமை ஒன்று வந்து சேர்ந்திருந்தது. ஆமைக்கு ஓடு துடைத்துக்கொண்டிருந்தபோது கணவர் அனுப்பிய படம் வந்தது. 'ரத்தாகலையே! ஸ்கூல் வேன் வந்துடுச்சு. நானும் கூட வந்திருக்கேன். உங்க ஆபீஸ் பேரு பெருசா போட்டிருக்காங்க, வாழ்த்துகள்!' என்று கீழே.

படத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பலகை. தலைவர் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறார். பாதம் மட்டும் ஒரு சைக்கிள் அளவு. அருகில்:

'ஜெல்லிமீன் இல்லாக் கடற்கரை! வல்லுநர் சான்று!'

கீழே, பொடி எழுத்தில், அகராதியின் பட்டங்கள் எல்லாம் ஒன்றுவிடாமல். அதற்கும் கீழே அவர் அனுப்பிய பதில் முழுதாக: "படத்தில் ஜெல்லிமீன் எதுவும் இல்லை."

அவள் ஆமையை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். வார்த்தை வார்த்தையாகப் பார்த்தால் அதில் பொய்யே கிடையாது. ப்ளூபாட்டில் ஜெல்லிமீன் இல்லை. பார்க்க ஓருயிர், உண்மையில் பல உயிர்கள் ஒட்டிக்கொண்டு வாழும் கூட்டம். ஓடமும் பொத்தானும் அதே உறவுக்காரக் குடும்பம், அவையும் ஜெல்லிமீன் இல்லை. சால்ப்பு அந்தப் பக்கமே இல்லை. கேட்ட கேள்விக்கு நூற்றுக்கு நூறு. மனிதர் பரீட்சை எழுதியிருக்கிறார்.

அடுத்த படம் வந்தது. மகளின் உள்ளங்கை. நடுவில் நகத்தளவு நீல உயிர். வெள்ளி முதுகு, இரண்டு பக்கமும் விரல் விரித்த மாதிரி சிறகுகள். 'அம்மா! டிராகன்!'

நேற்று அவள் கயிற்றுப் பிசிர் என்று விட்ட துணுக்கு.

ஒரே பஸ்ஸில் வந்தவர்களை எண்ணினவள், கடைசி சீட்டில் படுத்துக்கொண்டு வந்தவனைக் கோட்டைவிட்டாள். நீல டிராகன் என்கிற இந்தக் கடல் நத்தை ப்ளூபாட்டிலையே தின்று வாழ்கிறது. தின்னும்போது அதன் கொட்டு முட்களில் வீரியமானதைப் பொறுக்கி எடுத்துத் தன் சிறகு விரல்களின் நுனியில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆளைப் பார்த்தால் பொம்மை. வினையைப் பார்த்தால் தின்ற இரையைவிடக் காரம்.

கணவரை அழைத்தாள். "ஏங்க, அவ கையில இருக்கறது கொட்டும். சத்தம் போடாதீங்க, அவ பயந்து கையை மூடிடுவா. போனை அவகிட்ட குடுங்க."

"இது தம்மாத்துண்டுதானே இருக்கு?"

"குடுங்கன்னா!"

மகளின் மூச்சு கேட்டது. "அம்மா, இது அசையுது!"

"அழகா இருக்குல்ல? கண்ணு, கையை மூடாதே. மத்த கையால தொடாதே. அப்படியே மெதுவா குனிஞ்சு, உள்ளங்கையைச் சாய்ச்சு தண்ணியில இறக்கி விடு. அதுக்கு மூச்சு முட்டுது பாரு."

"செத்துடுமா?"

"நீ சீக்கிரம் விட்டா சாகாது."

பொய் சொல்லி நல்லதைச் செய்ய வைத்தாள். நேற்று அகராதி உண்மையைச் சொல்லிச் செய்த காரியத்துக்கு இது தேவலை.

"விட்டுட்டேன். கொஞ்சம் முள்ளு குத்துற மாதிரி இருக்கும்மா."

"கடல் தண்ணியிலயே கையை அலசு. குழாய்த் தண்ணி வேணாம். தேய்க்காதே. கண்ணைத் தொட்டே, தொலைச்சுடுவேன். செருப்பைப் போட்டுக்க."

உள்ளங்கைத் தோல் தடிமன், அதனால் பிழைத்தாள். அந்த நத்தை வயிறாரச் சாப்பிடாமல் வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் கரை முழுக்க இன்னும் பாதங்கள் இருந்தன. இடுக்கியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். காட்சியகத்துக்கும் கரைக்கும் நடுவே ஒரு சாலைதான்.

மேடையில் அகராதி பேசிக்கொண்டிருந்தார். சிறப்பு அழைப்பாளர். மாலையோடு இருந்ததால் நிறுத்துகிற உத்தேசம் இல்லை. கீழே ஈர மணலில் தலைவர் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தயாராக நின்றார். பின்னால் பிள்ளைகள் வரிசை, காலில் ஒன்றுமில்லாமல்.

அவள் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக டீச்சரிடம் போனாள். "டீச்சர், எல்லாப் பிள்ளைங்களையும் மேல, காய்ஞ்ச படிக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. செருப்புப் போட்டாத்தான் கீழ இறங்கணும்."

"மேடம், தலைவர் நடக்கப் போறாரு..."

"அவர் நடக்கட்டும். அவருக்கு வாக்களிச்சவங்க பார்த்துக்குவாங்க. பிள்ளைங்களை ஏத்துங்க."

டீச்சர் ஒரு கணம் யோசித்தாள். பிறகு விசிலை ஊதினாள். பிள்ளைகள் படிக்கட்டுக்கு ஓடினார்கள். விசிலுக்கு இருக்கிற மரியாதை சான்றிதழுக்குக் கிடையாது. சொறி மேடம் தலைவர் பக்கம் திரும்பி, "சார், நில்லுங்க! கால் வைக்காதீங்க!" என்று கத்தினாள்.

செயலர் குறுக்கே வந்தார். "மேடம், உங்க ஆபீஸே எழுதிக் குடுத்திருக்கே, ஜெல்லிமீன் இல்லன்னு!"

தலைவர் அவளைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்து, கேமராவுக்குக் கும்பிடு போட்டபடி காலை எடுத்து வைத்தார். ஒரு அடி. இரண்டாவது அடியில் கும்பிட்ட கை பிரிந்தது. தலைவர் வாழ்நாளில் முதல்முறையாக எழுதிக்கொடுக்காத ஒன்றைப் பேசினார். அதை இங்கே எழுத முடியாது.

கணுக்காலைச் சுற்றி ஒரு நீல நூல். பை கூட இல்லை, அறுந்த நூல் மட்டும். அவர் குனிந்து மணலை அள்ளித் தேய்க்கப் போனார்.

"தேய்க்காதீங்க சார்! தேய்ச்சா மிச்சம் இருக்கறதும் கொட்டும்!"

கூட்டத்தில் எல்லோரும் மருத்துவர்களாக மாறினார்கள். குடிதண்ணி ஊத்து என்றது ஒரு குரல், ஐஸ் வை என்றது இன்னொன்று. வெள்ளைச் சட்டைத் தொண்டர் ஒருவர் முன்னால் வந்து, இதற்குச் சிறுநீர்தான் மருந்து என்று தான் படித்திருப்பதாகவும், தலைவருக்காக இப்போதே, இங்கேயே, எதற்கும் தயார் என்றும் அறிவித்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. அவ்வளவு விசுவாசத்தை அவள் கண்டதில்லை.

"அண்ணே, நீங்க கொஞ்சம் அடக்கிக்குங்க," என்றாள். "அது பலிக்காது. அதுக்குப் பதிலா டீக்கடையில வெந்நீர் வாங்கிட்டு வாங்க. கை பொறுக்கற சூடு. கொதிக்கக் கூடாது."

தொண்டர் சற்று ஏமாற்றத்தோடுதான் ஓடினார். அவள் இடுக்கியால் நூலைத் துண்டு துண்டாக எடுத்தாள். கடல் நீரை மொண்டு கழுவினாள். மூச்சுத் திணறல் உண்டா, நெஞ்சடைப்பு உண்டா என்று கேட்டாள். இல்லை, வலிதான் உயிர் போகிறது என்றார் தலைவர். வெந்நீர் வாளி வந்தது; கால் உள்ளே போனது. இருபது நிமிஷம் எடுக்கக் கூடாது என்றாள். தலைவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வாளிக்குள் கால் விட்டு உட்கார்ந்தார். பின்னால் சைக்கிள் அளவுப் பாதத்தோடு அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

அகராதி மாலையோடு இறங்கி வந்தார்.

"யோவ்," என்றார் தலைவர், "ஜெல்லிமீன் இல்லன்னு எழுதினீரே?"

"இல்லைதானே," என்றார் அகராதி. "உங்களைக் கொட்டினது ஜெல்லிமீன் இல்லை. சொல்லப்போனா அது ஒரு தனி ஜீவனே இல்லை. பல உறுப்பினர்கள் சேர்ந்த ஒரு சங்கம் மாதிரி. ஒருத்தர் மிதப்பார், ஒருத்தர் சாப்பிடுவார், ஒருத்தர் கொட்டுவார்."

தலைவர் முகம் இறுகியது. "சங்கமா? எந்தக் கட்சி?"

அகராதி கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார்.

படிக்கட்டில் மகள் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் சின்னச் சிவப்பு, அவ்வளவுதான். வகுப்பு முழுக்க அதை வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கணவர் எழுந்து நின்றார்.

"பலகையைப் பார்த்துட்டுத்தான் விட்டேன். உங்க ஆபீஸ் பேரு போட்டிருந்துதே," என்றார் குரல் இறங்கி.

"தெரியும். நானும் அதைக் கயிறுன்னு விட்டேன். ரெண்டு பேருக்கும் கண்ணு அவ்வளவுதான்."

அன்று சாயந்திரமே நகரசபை அறிக்கை விட்டது: கடற்கரை பாதுகாப்பானதா என்பதை மக்களுக்கு முன்னால் தன் காலையே வைத்துச் சோதித்த தலைவரின் தியாகம் என்றென்றும் நினைக்கப்படும். அகராதியின் சான்றில் அறிவியல் பிழை எதுவும் இல்லை என்பதும் ஒரு பாராவில் வந்தது. வெந்நீர் கொடுத்த டீக்கடைக்காரர் பெயர் வரவில்லை. அவர் அதற்காக நிம்மதியாக இருந்தார்.

மறுநாள் காலை செயலரிடமிருந்து இன்னொரு படம். காற்று திசை மாறியிருந்தது. மணலில் நீலம் ஒன்றுகூட இல்லை. இந்தத் தடவை பக்கத்தில் ஒரு காசு போட்டிருந்தார்கள். காசை விழுங்குகிற அளவில் ஒரு குடை கவிழ்ந்து கிடந்தது. குடையின் நடுவிலிருந்து விளிம்புவரை பழுப்புக் கோடுகள், அடியில் கசங்கின சரிகை போலச் சுருண்ட கைகள், விளிம்பிலிருந்து நீளும் மெல்லிய நூல்கள். சுத்தமான, கலப்படமில்லாத, கொட்டுகிற ஜெல்லிமீன்.

கீழே செயலர் எழுதியிருந்தார். நேற்றைக்குக் கற்றுக்கொண்ட பாடத்தை அவர் மறக்கவில்லை. "இந்தப் படத்தில் சங்க உயிர் ஏதும் இருக்கிறதா?"

அகராதி அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மகிழ்ச்சியில் அவர் குரல் கனிந்தது. "பார்த்தீங்களா மேடம், கேள்வியே எவ்வளவு துல்லியமா வருது! ரெண்டு வார்த்தையில பதில் எழுதிக் கொண்டாங்க. 'எதுவும் இல்லை.' கையெழுத்துப் போடறேன்."

"சரி சார்," என்றாள். "பேனாவை எடுத்துட்டு வாங்க."

அவர் பேனாவுக்குப் போனார். அவள் இரண்டு வார்த்தைதான் எழுதினாள். 'கொட்டும். மூடுங்க.'

கையெழுத்துக்குக் காத்திராமல் அனுப்பினாள். அனுப்பியவர் பெயர் என்று கேட்ட இடத்தில், பித்தளையில் இருந்ததை விட்டுவிட்டு, சொறி மேடம் என்று போட்டாள். அப்போதுதான் அவர்களுக்குப் புரியும்.